மச்சான் குளிக்கிற நேரம்

எங்கள் அக்கா ஜாக்கெட் வெட்டச் சொல்லித் தரும் வீடியோக்களை யார் பார்க்கிறார்கள் என்று முதன்முதலாக ஆற அமர எடுத்துப் பார்த்த அன்று எனக்குத் தலை சுற்றிவிட்டது. முக்கால்வாசிப் பேர் ஆண்கள். அதிலும் கல்லூரிப் பையன்கள் இல்லை. முப்பத்தைந்தைத் தாண்டிய, குடும்பம் குட்டி என்று செட்டிலான ஆண்கள். பெண்களுக்கான கோடு ஏதோ கோபித்துக்கொண்டதுபோல ஓரமாகக் குட்டையாக நின்றது.

"அக்கா, உன் கிளாஸ்ல பூரா ஆம்பளைங்கக்கா" என்றேன்.

அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஏசப்பா! எதுக்குடா அவுங்களுக்கு ஜாக்கெட்டு?"

அது நியாயமான கேள்விதான். அதற்கு அன்றே ஒழுங்காகப் பதில் தேடியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கோரிப்பாளையத்தில் ஒரு மாடியில் எனக்கு எடிட்டிங் கடை. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று மற்றவர்கள் வீட்டுச் சந்தோஷத்தை வெட்டி ஒட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. அக்கா செல்லூரில் இருக்கிறாள். மச்சான் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அக்கா கப்பலூரில் ஒரு சட்டைக் கம்பெனியில் வருஷக்கணக்காகத் தைத்தாள். சட்டை என்று சொல்வதுகூடத் தப்பு. காலர் மட்டும் தைத்தாள். உடம்பை ஒருத்தி தைப்பாள், கையை ஒருத்தி தைப்பாள், இவளிடம் காலர் வந்து குவியும். "ஒரு சட்டையக்கூட முழுசா நான் தைச்சேன்னு சொல்ல முடியாதுடா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, என்னைக் கூப்பிட்டு, இணையத்தில் வீடியோ சேனல் ஆரம்பித்துத் தா என்று நின்றாள்.

மச்சான் சண்டை போடவில்லை. அவர் சண்டை போடுகிற ஆளே இல்லை. "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாரு. அதுக்குள்ள ஒரு வழிக்கு வரலன்னா மறுபடி கப்பலூரு. பாப்பா ஹாஸ்டலுக்கு ஒரு ஆட்டோவ வச்சுக்கிட்டு நான் எம்புட்டுத்தான் ஓட்டுவேன்?" என்றார். மகள் நர்சிங் படிக்கப் போயிருந்தாள். போகும்போது அக்காவின் போனையும் கொண்டுபோய்விட்டாள். ஆகவே படம் எடுப்பது என் போனில். இரவு கமெண்ட்டுகளுக்குப் பதில் போடுவது மச்சான் போனில். சந்தேகம் கேட்கிறவர்களுக்காக வீடியோவின் கீழே என் கடை நம்பரைப் போட்டிருந்தோம். இதெல்லாம் எங்களுக்கு அவ்வளவு பழகிப்போன ஏற்பாடு. அதனால் அதைப் பற்றி யோசிக்கவே தோன்றவில்லை.

சேனல் நடத்துகிறவர்களுக்கு என்று ஒரு ஆப் இருக்கிறது. அதில் பார்வையாளர்கள் என்று ஒரு பக்கம். நான் அதை பைபிள் மாதிரி தினமும் திறப்பேன். ஆணா பெண்ணா, என்ன வயது, எந்த நேரத்தில் ஆன்லைனில் இருக்கிறார்கள், வேறு எந்தெந்தச் சேனல்களைப் பார்க்கிறார்கள் என்று எல்லாம் அங்கே வரும். ஆனால் எனக்கு முக்கியம் இரண்டு கோடுகள்தான். ஒன்று, புதிதாக வருகிறவர்கள். இன்னொன்று, ஏற்கெனவே நம் சேனலைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வருகிறவர்கள். புதியவர்கள் கடை வாசலில் வேடிக்கை பார்ப்பவர்கள், திரும்பி வருகிறவர்கள்தான் வாடிக்கை. வாடிக்கை நிலைத்தால்தான் விளம்பரக் காசும் நிலைக்கும். அந்த இரண்டாவது கோடு ஏறினால் அக்கா வீட்டில் இருப்பாள். இறங்கினால் கப்பலூர் பஸ் ஏறுவாள். அவ்வளவுதான் கணக்கு.

அக்காவின் ஆரம்ப வீடியோக்களுக்கு அந்தக் கோடு மெதுவாக, ஆனால் நன்றாகவே ஏறிக்கொண்டிருந்தது. அளவு ஜாக்கெட்டைத் துணிமேல் வைத்து வெட்டுவது எப்படி என்று ஒன்று போட்டிருந்தாள். அதற்கு ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். ஆனால் யாரும் முழுதாகப் பார்க்கவில்லை. அரைமணி வீடியோவில் நாலைந்து நிமிஷத்தில் போய்விடுவார்கள். இருப்பதை விட்டுவிட்டுப் பறப்பதைப் பிடிக்க ஓடும் எனக்கு அது போதவில்லை. இன்னும் வேகமாக ஏற வேண்டும், யார் பார்க்கிறார்களோ அவர்களுக்குப் பிடித்ததைப் போட வேண்டும் என்று பக்கத்தைத் துருவ ஆரம்பித்தேன்.

ஆண்கள். முப்பத்தைந்துக்கு மேல். அவர்கள் பார்க்கும் மற்ற சேனல்கள் டிராக்டர் ரிப்பேர், ஜல்லிக்கட்டு மாடு, செய்தி விவாதம். ஆன்லைனில் இருக்கும் நேரம் பொழுது சாய்ந்த பிறகு, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மதியம். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. பகலெல்லாம் கடையில் உட்கார்ந்து தைத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய் வீடியோ பார்க்கும் டெய்லர்கள். வேறு யாராக இருக்க முடியும்?

"டெய்லருங்களா?" என்றாள் அக்கா. "அதான பாத்தேன். மீசைய முறுக்கி விட்டுட்டு ஒரு அண்ணே, கை குழி இழுக்குதே என்ன செய்யன்னு கேட்டிருந்தாரு. கஸ்டமரு ஜாக்கெட்டா இருக்கும்னு நெனச்சேன்."

அவள் எல்லா கமெண்ட்டுக்கும் பதில் போடுவாள். படத்தைப் பார்ப்பாள். மீசை இருந்தால் அண்ணே, மீசை இல்லாவிட்டால் தம்பி. புல்லட்மேல் உட்கார்ந்திருந்தால் பெரிய அண்ணே. "அண்ணே, முன் பக்க டாட் மடிப்ப அரை இஞ்ச் கீழ எறக்குங்க." "தம்பி, பின் கழுத்து அம்புட்டு ஆழம் வேணாம்." இப்படி இரவெல்லாம் மரியாதையாக எழுதிக்கொண்டிருந்தாள். பாவம், அந்தப் பக்கம் அதை வாசித்தவர்கள் எப்படிச் சிரித்தார்களோ.

ஆக, டெய்லர்கள்தான் என்று முடிவு கட்டினோம். இனி ஆண்கள் சட்டை என்று நான் சொன்னபோது அக்கா வெட்டிக்கொண்டிருந்த ஜாக்கெட் துணியை மடித்து வைத்தாள். பிறகு, "காலரா?" என்று மட்டும் கேட்டாள்.

"காலரும்தான்."

"சரி. காலர்தான நமக்குத் தெரியும்."

எனக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. ஆனாலும் பக்கத்தைக் காட்டி, இதைப் பார் அதைப் பார் என்று வாயை அடைத்துவிட்டேன். தோள்பட்டைக்கு யோக் வெட்டுவது, கை முனைக்குக் கஃப் வைப்பது, காலர் விறைப்பாக நிற்கக் கான்வாஸ் ஒட்டுவது என்று வரிசையாக எடுத்தோம். ஒவ்வொன்றும் கச்சிதம். என் எடிட்டிங்கும் அட்டகாசம், அதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், வேறு யாரும் சொல்லவில்லை. புதிதாக வருகிறவர்களின் கோடு ஜம்மென்று எகிறியது. நான் கடை மாடியில் துள்ளிக் குதிக்காத குறை.

திரும்பி வருகிறவர்களின் கோடு விழுந்தது. முதல் வாரம் கொஞ்சம். அடுத்த வாரம் பாதி. வந்த புதியவர்கள் சட்டையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், திரும்பவில்லை. பழையவர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஜாக்கெட் இல்லை என்றதும் அவர்களும் போய்விட்டார்கள். நல்ல மார்க்கெட்டில் கடையை வைத்துக்கொண்டு சரக்கை மாற்றிவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்தச் சமயம் பார்த்துக் கப்பலூர் சூப்பர்வைசர் மச்சானுக்குப் போன் போட்டார். புதுவருஷத்துக்குப் பிறகு ஆள் எடுக்கிறோம், உங்க வீட்டம்மா வருவாங்களா என்று கேட்டிருக்கிறார். மச்சான், கேட்டுச் சொல்றேன் என்று வைத்துவிட்டார். அக்காவிடம் சொல்லும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவளுக்குப் புரிந்தது. மறுநாள் நான் போனபோது பழைய டிபன் பாக்ஸை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனிக்குக் கொண்டுபோகும் டிபன் பாக்ஸ்.

"அதுக்குள்ள என்னக்கா அவசரம்?" என்று கத்தினேன்.

"கத்தாத. துருப் பிடிச்சிருமேன்னு எடுத்தேன்" என்றாள்.

எவர்சில்வர் எப்படித் துருப் பிடிக்கும்?

எனக்குக் கோபம் வந்தால் ஏதாவது செய்தாக வேண்டும். கடைக்கு வந்து, என் நம்பருக்கு மெசேஜ் போட்டுச் சந்தேகம் கேட்டிருந்தவர்களையெல்லாம் தேடினேன். அக்கா போட்ட ஒவ்வொரு ஜாக்கெட் வீடியோவுக்கும் கமெண்ட்டிலும் மெசேஜிலும் தவறாமல் சந்தேகம் கேட்டவர் ஒருவர், அந்தக் கை குழி அண்ணன்தான், எழுமலைப் பக்கம். படத்தில் தடித்த மீசை, தோளில் துண்டு, பின்னால் டிராக்டர். சட்டை ஆரம்பித்த நாளிலிருந்து ஆளைக் காணோம். இவரிடமே கேட்டுவிடலாம், டெய்லர் அண்ணனுக்கு என்னதான் வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம் என்று செல்லூருக்குத் திரும்பவும் வந்தேன். அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு அடித்தேன். பொழுது சாய்ந்திருந்தது. மச்சான் அப்போதுதான் வந்து குளிக்கப் போயிருந்தார்.

"யாருண்ணே?" என்றது கனத்த குரல்.

"அண்ணே, மதுரையிலருந்து பேசுறேன். கட்டிங் சேனல். நீங்க ஜாக்கெட் சந்தேகமெல்லாம் கேப்பீங்கள்ல?"

"நான் என்னத்தக் கேட்டேன்?"

"கை குழி இழுக்குதுன்னு..."

"எனக்கு எதுக்குண்ணே கை குழி இழுக்கப் போவுது?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் விடவில்லை. "நீங்க டெய்லர்தானண்ணே?"

"டெய்லரா? நான் டிராக்டர் ஓட்டுறேன்யா!" என்றவர், உடனே குரலைத் திருப்பி உள்ளே பார்த்துக் கூவினார். "ஏய், இங்க வா. உன் கட்டிங் அக்கா வீட்லருந்து பேசுறாக!"

ஓடி வந்த சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், மூச்சு வாங்கியபடி. "அக்கா? அக்காவா? நெசமாவா?"

அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "நான்தாம்மா. நீயா கேட்ட அம்புட்டும்? நான் ஒன்னைய அண்ணே அண்ணேன்னு..."

"ஆமாக்கா. எங்க வீட்டுக்காரரு போனு. அவரு படம்தான் அதுல இருக்கு. நீங்க அண்ணேன்னு எழுதும்போதெல்லாம் அவருகிட்ட வாசிச்சுக் காட்டுவேன். கட்டிங் படிக்கிற அண்ணேன்னு எங்க வீட்ல அவரக் கேலி பண்ணுவோம்." அவள் சிரித்தாள், அக்கா சிரித்தாள், டிராக்டர்காரரும் எங்கோ பின்னால் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள். "ஏன்க்கா இப்பெல்லாம் சட்டையா போடுறீக? நானும் எங்க நாத்தனாரும் தெனம் தொறந்து பாத்துட்டு மூடிருதோம்."

"நான் போட்டத நீ எப்பம்மா பாப்ப?"

"அவரு வயல்லருந்து வந்து குளிக்கப் போவாருல்ல, அப்பத்தான் போன் கைக்கு வரும். குளிச்சிட்டு வந்தவொடன நியூஸ் பாக்க வாங்கிருவாரு. அஞ்சு நிமிசம் கெடைக்கும். மறுநா விட்ட எடத்துலருந்து பாப்பேன். ஒரு ஜாக்கெட்ட வெட்டி முடிக்க ஒரு வாரம் ஆவும். ஞாயித்துக்கெழம அவரு மத்தியானம் தூங்குனா நல்லாப் பாக்கலாம்."

உள்ளே குளியலறையில் மச்சான் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மேஜைமேல் மச்சானின் போன் கிடந்தது. அதில் அக்கா பாதி எழுதி வைத்த பதில் ஒன்று கிடந்தது. அண்ணே என்று ஆரம்பித்திருந்தாள். அவள் அந்தப் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எனக்கும் அதேதாம்மா" என்றாள் போனில். "எங்க வீட்டுக்காரரும் இப்பக் குளிச்சிட்டுத்தான் இருக்காரு."

போனை வைத்ததும் ஆப்பில் பார்வையாளர்கள் பக்கத்தைத் திரும்பத் திறந்தோம். அதே படம், அதே கோடுகள். ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் எதுவும் நாங்கள் முன்பு படித்ததாக இல்லை. அந்த ஆப்புக்குப் போன் யார் கையில் இருக்கிறது என்று தெரியாது. எந்தக் கணக்கில் திறந்திருக்கிறது என்றுதான் தெரியும். கணக்கு வீட்டுக்காரர் பெயரில், அவர் வயதில், அவர் ஆண் என்று இருக்கிறது. டிராக்டரும் மாடும் அவர் பார்ப்பது, ஜாக்கெட் இவள் பார்ப்பது, கணக்கு ஒன்று. யார் எப்போது ஆன்லைனில் இருக்கிறார்கள் என்ற படத்தில் ஆள் கூடக் கூட நிறம் கருக்கும். பொழுது சாய்ந்த நேரம் ஊதா நிறம் கருத்துக் கிடந்தது. டெய்லர்கள் கடை அடைக்கும் நேரம் என்று நான் சத்தியம் செய்த இடம்.

அக்கா அந்தக் கருப்பின்மேல் விரலை வைத்தாள். "இது உங்க மச்சான் குளிக்கிற நேரம்டா" என்றாள்.

நான் சிரித்துச் சிரித்து இருமினேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இம்புட்டுப் பேரும் என்னய மாதிரிதாண்டா. நான் பாட்டுக்கு அரைமணி நேரம் நீட்டி நீட்டிப் பேசிட்டிருக்கேன், அதுக அஞ்சு நிமிசத்துக்கு அல்லாடிட்டுக் கெடக்குதுக." நாலு நிமிஷத்தில் போய்விடுகிறார்கள், போரடிக்கிறது போல என்று நான் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. போரடித்துப் போகவில்லை. வீட்டுக்காரர்கள் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதனால்தான் அந்தப் பெண்கள் மறுநாள் விட்ட இடத்துக்குத் திரும்பி வந்தார்கள்.

ஒரு போன் பேச்சை வைத்து எல்லாரையும் எடை போடக்கூடாது என்று எனக்கும் தோன்றியது. ஒரு தடவை அடிபட்டவன் அல்லவா? கடைப் போனுக்கு வந்திருந்த மற்ற மீசைகள் சிலரிடமும் கேட்டோம். ஒருவர் நிஜமாகவே டெய்லர், உசிலம்பட்டியில் கடை வைத்திருக்கிறார், எங்களைக் குழப்ப அவர் ஒருவர் போதும். மற்றவை எல்லாம் மனைவி, மருமகள், ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து.

அடுத்து என்ன எடுப்பது என்று அன்று எங்களுக்குள் சண்டையே வரவில்லை. ஒரு ஜாக்கெட்டைத் துண்டு துண்டாகப் பிரித்தோம். ஒரு வீடியோவில் பின் பக்கம் மட்டும். அடுத்ததில் முன் பக்கம் மட்டும். டாட் தனியாக, கை தனியாக, ஹூக் பட்டி தனியாக. எதுவும் ஒரு ஆள் குளித்து முடிக்கும் நேரத்தைத் தாண்டக் கூடாது. அளவை இரண்டு தடவை சொல்ல வேண்டும், எழுதிக்கொள்ள. என் டைட்டில் மியூசிக்கைத் தூக்கி எறிந்தேன், அது மட்டும் அரை நிமிஷம் தின்றுகொண்டிருந்தது. ஆண்கள் வீடு திரும்புவதற்கு முன்பே வீடியோ ஏறியிருக்க வேண்டும், போன் கைக்கு வரும்போது அது அங்கே காத்திருக்க வேண்டும்.

முதல் வீடியோவுக்கு அக்கா கேமராவைப் பார்த்து நின்றாள். வழக்கமான வணக்கத்தைச் சொல்லவில்லை. "போன் எம்புட்டு நேரம் கையில இருக்கும்னு தெரியாது. வாங்க, வெரசா ஆரம்பிச்சிருவோம்" என்றாள்.

அதற்கு வந்த கமெண்ட்டுகளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். மீசைகளாக வந்து குவிந்தார்கள். ஒவ்வொரு மீசைக்குக் கீழும் அக்கா, அக்கா, அக்கா. எழுமலைக்காரர் படத்தின் கீழே, "இது நெசமாவே நான்தான். இப்பல்லாம் நான் மெதுவாத்தான் குளிக்கிறேன்" என்று இருந்தது. அக்கா அதை மச்சானிடம் வாசித்துக் காட்டினாள். மச்சான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வருகிறவர்களின் கோடு முதலில் அசையவில்லை. நான் ஜெபம் செய்தேன், திட்டினேன், ஆப்பை மூடி மூடித் திறந்தேன். பிறகு ஏறத் தொடங்கியது. பின் பக்கம் பார்த்தவர்கள் முன் பக்கத்துக்கு வந்தார்கள். முன் பக்கம் பார்த்தவர்கள் கைக்கு வந்தார்கள். கிறிஸ்துமஸ் ஜாக்கெட் என்று ஒரு வரிசை போட்டோம், அப்போது அது பழைய உயரத்தைத் தாண்டிப் போனது. ஆண்கள் முக்கால்வாசி என்பது மட்டும் அப்படியே இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், பொழுது சாய்ந்த வேளை, நான் செல்லூரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மச்சான் குளித்து, தலை துவட்டி, சட்டை மாற்றி வந்து உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் போனில் கமெண்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கப்பலூர் சூப்பர்வைசர். அக்கா போனை அப்படியே மச்சானிடம் நீட்டினாள். அவளாக வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். கிறிஸ்துமஸ் வரை என்றுதானே பேச்சு, அவள் பேச்சு மாறாத ஆள்.

மச்சான் எழுந்து நின்று பேசினார். "ஆமா சார்... இல்ல சார், அவ வரமாட்டா. அவளுக்கு இங்க வேலை இருக்கு." அந்தப் பக்கம் ஏதோ நீட்டிக்கொண்டே போயிருக்க வேண்டும். மச்சான் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சார், எதுனாலும் காலையில பேசுவோம். இது அவ போன் பாக்குற நேரம்" என்று வைத்துவிட்டார்.

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மச்சான் போனை அக்காவின் மடியில் வைத்தார். கொடியில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்க போறீங்க?" என்றாள் அக்கா.

"குளிக்கப் போறேன்."

"இப்பத்தான குளிச்சீங்க?"

"ரொம்ப வேர்க்குது" என்றார் மச்சான், மார்கழிக் குளிரில், கதவைச் சாத்திக்கொண்டு.